கடைசியாக எழுதிய பக்கம் காட்டிக்கொடுத்தது

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள் இரவு பதினொன்றரை மணிக்குத்தான் அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த வார்ப்புருக் கோப்பின் கடைசியில் ‘ஆய்வாளரைப் பற்றி’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ‘இங்கே எழுதவும்’ என்று ஒரு வரி. ஏழு ஆண்டுகளில் அந்த வரியை நூறு தடவையாவது தாண்டிப் போயிருப்பேன். முன்னுரையைப் பதினொரு முறை திருத்தி எழுதினேன். இந்தப் பக்கத்துக்கு இருபது நிமிடம் கொடுத்தேன். பழைய வேலை விண்ணப்பம் ஒன்றைத் திறந்து, ‘நான்’ வந்த இடமெல்லாம் ‘இவர்’ போட்டு ஒட்டினேன்.

அந்த இருபது நிமிட வேலைதான் பிற்பாடு ஒரு வருடம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ‘ஆசிரியரைப் பற்றி’ எழுத உட்காரப் போகிறவர்களுக்கு, குறிப்பாக மனிதர்களிடம் பேட்டி எடுத்து ஆய்வு செய்தவர்களுக்கு, இது உதவலாம் என்று எழுதுகிறேன்.

என் ஆய்வு, மருத்துவமனையில் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்கும்போது செவிலியர்கள் நோயாளிகளை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்கும் பேச்சைப் பற்றியது. ஹேண்ட்ஓவர் என்று சொல்வோம். யாருக்கு எந்த மருந்து நிறுத்தப்பட்டது, யாருக்கு இரவில் காய்ச்சல் வந்தது, யாருடைய உறவினர் கோபமாக இருக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கைமாறும். எது சொல்லப்படுகிறது, எது விட்டுப்போகிறது, ஏன் விட்டுப்போகிறது என்பதே என் கேள்வி. 23 செவிலியர்களிடம் பேசினேன். மருத்துவமனைக்கு ‘மருத்துவமனை அ’ என்று பெயர் வைத்தேன். செவிலியர்களுக்கு ‘செவிலியர் 1’ முதல் ‘செவிலியர் 23’ வரை எண் கொடுத்தேன். ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில், ‘உங்கள் பெயரோ பணியிடமோ எங்கும் வெளிவராது’ என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்த இரவில் நான் ஒட்டிய பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது. கோடிட்ட இடங்களில் அன்று உண்மையான விவரங்கள் இருந்தன.

> இவர் ____ ஆண்டு ____ ஊரில் பிறந்தார். செவிலியர் பட்டப்படிப்பை ____ கல்லூரியில் முடித்தார். 2004 முதல் 2013 வரை ____ மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பின்கவனிப்பு வார்டில் செவிலியராகப் பணியாற்றினார். தற்போது முழுநேர ஆய்வாளராக உள்ளார். மூன்று ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுள்ளார். வாசிப்பதிலும் நடைப்பயிற்சியிலும் ஆர்வம் கொண்டவர்.

படித்தால் யாருக்கும் உறுத்தாது. எல்லா ஆய்வேட்டின் பின்னாலும் இப்படித்தான் ஒன்று இருக்கும். இதில் பொய்யும் இல்லை.

சிக்கல் மூன்றாம் இயலில் இருந்தது. ஆய்வுமுறையை விளக்கும் இயல் அது. ஆய்வாளர் தான் எங்கே நின்றுகொண்டு பார்த்தார் என்பதை மறைக்கக்கூடாது என்று எங்கள் துறையில் சொல்லித்தருவார்கள். அதன்படி நேர்மையாக ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘ஆய்வு நடந்த வார்டில் நான் இதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்.’

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் இயல் மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை, நான் அங்கே வேலை பார்த்தேன் என்று சொல்கிறது. கடைசிப் பக்கம் ஆய்வு எங்கே நடந்தது என்று சொல்லவில்லை, நான் எங்கே வேலை பார்த்தேன் என்று சொல்கிறது. தனித்தனியாக இரண்டும் சுத்தம். இடையில் இருநூற்றைம்பது பக்கம் கிடந்ததால் எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டிக்கும் தெரியவில்லை, தேர்வாளர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வாய்ப்பும் குறைவுதான். வழிகாட்டி படித்த பிரதியில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அறநெறிக் குழு ஆய்வு தொடங்குவதற்கு முன்பே ஒப்புதல் கொடுத்துவிட்டது. தேர்வாளர்கள் இயல்களைப் படிப்பார்கள், பின்னிணைப்புக்கு அப்பால் போகமாட்டார்கள். ஒரு ஆய்வேட்டில் யாருடைய கண்ணும் படாமல் வெளியே போகும் பக்கம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சமர்ப்பித்து ஐந்து வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. பழைய வார்டிலிருந்து ஒரு அக்கா.

“என்னம்மா, பதினொண்ணாம் நம்பர் நான்தானே?”

எனக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. “எது அக்கா?”

“உன் தீசிஸ்ல. ‘செவிலியர் 11’னு போட்டு, நைட் டாக்டரை எழுப்பவே பயமா இருக்கும்னு சொல்றது. அது நான் சொன்னதுதானே? இங்க எல்லாரும் போன்ல வச்சுப் படிச்சிட்டிருக்காங்க.”

எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். வார்டுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், மருத்துவமனையின் பெயரையும் ‘ஹேண்ட்ஓவர்’ என்பதையும் சேர்த்து இணையத்தில் தேடியிருக்கிறாள். பல்கலைக்கழக நூலகத்தின் மின்களஞ்சியத்தில் இருந்த என் கோப்பு வந்து நின்றிருக்கிறது. தேடுபொறிகள் பி.டி.எஃப் கோப்பின் தலைப்போடு நிற்பதில்லை, உள்ளே உள்ள எழுத்து முழுவதையும் படித்து அட்டவணைப்படுத்தும். முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அந்த மருத்துவமனையின் பெயர் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது ஒரே இடத்தில், அந்தக் கடைசிப் பக்கத்தில்.

அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “நான் சொன்னது சொன்னதுதான். ஆனா அந்த டாக்டர் இப்பவும் இங்கதான் இருக்கார்” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை முதல் வேலையாகக் கோப்பைத் திறந்து மருத்துவமனையின் பெயரைத் தேடினேன். இரண்டு இடம் காட்டியது. ஒன்று தெரிந்ததுதான். இன்னொன்று பின்னிணைப்பில் இருந்த அனுமதிக் கடிதம். அதில் மருத்துவமனையின் பெயர் மேல் கறுப்புப் பட்டை ஒன்றைப் போட்டு மறைத்திருந்தேன். பட்டை வெறும் படம், எழுத்து அதன் அடியில் அப்படியே கிடந்தது. அந்த இடத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வெற்றுக் கோப்பில் ஒட்டினால் பெயர் முழுசாக வந்து விழுந்தது. உங்கள் கோப்பில் இப்படிக் கறுப்புப் பட்டை எங்காவது இருந்தால் இதே சோதனையைச் செய்து பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் ‘[நீக்கப்பட்டது]’ என்று போடுவதுதான் சரி.

பிறகு நன்றியுரை. அங்கே மருத்துவமனையின் பெயர் இல்லை. ஆனால் செவிலியர் கண்காணிப்பாளரின் முழுப்பெயர் இருந்தது. அவர் எங்கே கண்காணிப்பாளர் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நன்றியுரையும் ‘ஆசிரியரைப் பற்றி’யும் அக்காவும் தங்கையும் மாதிரி. இரண்டும் கடைசி நேரத்தில், களைத்துப்போன நிலையில், நெகிழ்ச்சியோடு எழுதப்படுபவை. ஆய்வேட்டின் மற்ற பக்கங்களில் எடைபோட்டு எழுதும் கை இந்த இரண்டில் மட்டும் தாராளமாகிவிடும்.

சரிசெய்வது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை, நினைத்த அளவுக்கு முழுமையாகவும் இல்லை. வழிகாட்டியிடம் சொன்னேன். இது ஒப்புதல் படிவத்தில் கொடுத்த வாக்கை மீறியது என்பதால் அறநெறிக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றார். என்ன நடந்தது, யார் பாதிக்கப்படலாம், என்ன செய்கிறோம் என்று ஒரு பக்க அறிக்கை எழுதிக்கொடுத்தேன். 23 பேரையும் தனித்தனியாக அழைத்துச் சொன்னேன். நூலகத்தார் அன்றே கோப்பைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, திருத்திய கோப்பு வந்ததும் அதே பதிவில் மாற்றி வைத்தார்கள். பைண்டு செய்த பிரதிகள் மூன்று இருந்தன. அவற்றில் அந்தத் தாளை வெட்டிவிட்டு, முதுகோரமாக மெல்லிய பசைக்கோடு போட்டுப் புதுத் தாளை ஒட்டினோம். ஆனால் களஞ்சியத்திலிருந்து தானாக நகலெடுக்கும் வேறு சில தளங்கள் அந்த ஐந்து வாரத்தில் பழைய கோப்பை எடுத்துப் போயிருந்தன. எழுதிக் கேட்டதில் ஒன்று நீக்கியது, இன்னொன்றிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. யாராவது பதிவிறக்கி வைத்திருந்தால் அது அவர்களிடம்தான் இருக்கும்.

இந்தப் பக்கத்தைத் திருத்தும் சாக்கில், மற்ற இடங்களில் இதை எப்படி எழுதுகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டின் முன்பகுதியிலேயே வாழ்க்கைக் குறிப்பு வைக்க வேண்டும், அதுவும் படர்க்கையில். ஜெர்மனியில் ஆய்வேட்டோடு ‘லேபன்ஸ்லாஃப்’ எனப்படும் வாழ்க்கைக் குறிப்பு இணைப்பது பழைய வழக்கம். இப்போது அங்கே இணையத்தில் கிடைக்கும் பல ஆய்வேடுகளில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: தரவுப் பாதுகாப்புக் காரணங்களால் இணையப் பதிப்பில் வாழ்க்கைக் குறிப்பு சேர்க்கப்படவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. நூலகத்தின் ஒரு மூலையில் நாலு பேர் படிக்கும் காலத்துக்கு ஏற்பட்ட பக்கம் இது. உலகமே தேடிப் படிக்கும் காலத்தில் அதே விவரங்களோடு தொடர்கிறது என்பதை அவர்கள் கவனித்துவிட்டார்கள்.

பிறந்த தேதியும் ஊரும் அப்படித் தங்கிப்போன விவரங்கள்தான். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இந்த மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்கர்களில் ஏறத்தாழ 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்பது அந்தக் கணக்கு. பின்னால் வேறொருவர் கணக்கிட்டபோது சதவீதம் குறைவாக வந்தது, ஆனாலும் பாதிக்கு மேல்தான். எனக்கு அதில் பயன்பட்டது சதவீதம் அல்ல. ஒவ்வொரு விவரமும் ஆபத்தா இல்லையா என்று தனித்தனியாகக் கேட்பதில் பொருள் இல்லை, எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்கவேண்டும் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

ஆய்வேட்டின் புதுப் பக்கத்தில் பயத்தில் எல்லாவற்றையும் வெட்டினேன். பட்டங்கள், கட்டுரைகள், அவ்வளவுதான். ஒன்பது ஆண்டு செவிலியர் வேலை இருந்த சுவடே இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஆய்வு நூலாக வந்தது. பதிப்பாசிரியர் கடைசி மெய்ப்பு அனுப்பிவிட்டு, “மேடம், 224ஆம் பக்கம் காலியா இருக்கு. ‘ஆசிரியரைப் பற்றி’ அனுப்புங்க, ஒரே பக்கம்தான்” என்றார். அது ஏன் அப்படிக் கறாராக ஒரு பக்கம் என்று கேட்டேன். பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும்போது ஒரு மடிப்புக்குப் பதினாறு பக்கம், பதினான்கு மடிப்பு, மொத்தம் 224. 223இல் சொல்லடைவு முடிகிறது. ஒரு வரி கூடினாலும் இன்னொரு மடிப்பைப் பற்றி யோசிக்கவேண்டும். ஆக, நம் வாழ்க்கை வரலாற்றின் நீளத்தைத் தாள் மடிப்பு முடிவுசெய்கிறது. இதைக் கேட்டபின் அந்தப் பக்கத்தின் மேல் இருந்த பயபக்தி எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

ஆய்வேட்டில் இருந்த வெட்டிய வடிவத்தையே அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “இந்தப் பக்கத்துல யாருமே இல்லையே மேடம்.”

அவர் சொன்னது சரி. செவிலியர்கள் ஏன் சில விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று 222 பக்கம் படித்த ஒருவர், இதைச் சொல்ல இவர் யார் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். அவருக்குத் தேவையான பதில் ஒன்றே ஒன்று: இவர் அந்த வேலையைச் செய்தவரா, வெளியிலிருந்து பார்த்தவரா? மூன்று கட்டுரை வெளியிட்டவர் என்பது அதற்குப் பதில் இல்லை. மறைத்தால் வாசகருக்கு அநியாயம், சொன்னால் அக்காவுக்கு அநியாயம்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் என்னைப் பற்றிய ஒவ்வொரு விவரம். வலப்பக்கம், அது நூலில் வேறெங்கோ இருக்கும் எந்த விவரத்தோடு சேர்ந்தால் எதைத் திறக்கும் என்பது. ‘2004 முதல் 2013 வரை’ என்ற வரியில் நெடுநேரம் நின்றேன். அந்த ஆண்டுகள் ஒரு பணியாளர் பட்டியலோடு பொருந்தும். ‘ஒன்பது ஆண்டுகள்’ என்று கால அளவாக மாற்றினால் வாசகருக்கு எதுவும் குறையவில்லை, பட்டியலோடு பொருத்துவதும் கடினமாகிவிடுகிறது. வார்டின் வகை வாசகருக்குத் தேவையா? இல்லை. இரவுப்பணி என்பது தேவை, ஏனென்றால் நூலில் பாதி இரவைப் பற்றியது. பிறந்த ஊர் எதற்கும் தேவையில்லை. முனைவர் பட்டம் எங்கே என்பதை மறைக்க முடியாது, அதே தலைப்பில் ஆய்வேடு பொதுவில் இருக்கிறது.

அந்தக் கடைசி வரியில்தான் அடுத்த ஓட்டை தெரிந்தது. பல்கலைக்கழகம் தெரிந்தால் சுற்றுவட்டாரம் தெரியும். நூலின் முதல் இயலில் வார்டில் 30 படுக்கை என்று எழுதியிருந்தேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அத்தகைய வார்டு உள்ள மருத்துவமனைகள் எத்தனை என்று எண்ணினேன். நான்கு. நான்கில் ஒன்று என்பது மறைப்பே இல்லை. ‘ஆசிரியரைப் பற்றி’ எழுத உட்கார்ந்தவள் கடைசியில் முதல் இயலைத் திருத்தினேன். 30 படுக்கை ‘நடுத்தர அளவு வார்டு’ ஆனது. வாதம் எதுவும் அந்த எண்ணின் மேல் நிற்கவில்லை, அதனால் முடிந்தது. நின்றிருந்தால் அந்த மெய்ப்புக் கட்டத்தில் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நூலுக்கு வெளியேயும் பார்க்கவேண்டியிருந்தது. கட்டுரை வெளியிடுகிறவர்கள் பலரிடம் ஆர்சிட் எண் இருக்கும். 2012இல் தொடங்கிய, ஆய்வாளர்களுக்கான பதினாறு இலக்க அடையாள எண். அதைப் பக்கத்தின் கடைசி வரியாகப் போடுவது நல்ல பழக்கம். எனக்குக் கட்டுரைகளில் இனிஷியல் பின்னால் வந்திருந்தது, ஆய்வேட்டில் முன்னால். இரண்டும் ஒரே ஆள் என்று நூலகப் பட்டியலுக்குச் சொல்ல இந்த எண்ணைவிட எளிய வழி இல்லை. ஆனால் போடுவதற்குமுன் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். பணி அனுபவம் என்ற பகுதியில் மருத்துவமனையின் பெயர், ஆண்டு, வார்டு எல்லாம் என் கையாலேயே ஏற்றப்பட்டு உட்கார்ந்திருந்தன. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் யார் பார்க்கலாம் என்று தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். அந்த ஒன்றை ‘எனக்கு மட்டும்’ என்று மாற்றினேன். நம் பக்கத்தில் பெயரை நீக்கிவிட்டு, பெயர் இருக்கும் இடத்துக்கு நாமே வழிகாட்டிப் பலகை வைப்பது எளிதில் நடந்துவிடும்.

இவ்வளவு செய்தும் மறைக்க முடியாத ஒன்று உண்டு. வெளியாள் கண்டுபிடிப்பதைத் தடுக்கலாம், உள்ளாள் கண்டுபிடிப்பதைத் தடுப்பது மிகக் கடினம். ஆய்வறம் பற்றி எழுதுகிற மார்ட்டின் டோலிச் 2004இல் இதற்கு ‘உள் இரகசியம்’ என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்து, வெளி இரகசியத்திலிருந்து பிரித்துக் காட்டினார். அதற்கு வெகுகாலம் முன்பே நடந்த ஒரு கதை உண்டு. ஆர்தர் விடிச், ஜோசப் பென்ஸ்மன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1958இல் ஒரு சிற்றூரைப் பற்றி நூல் வெளியிட்டார்கள். ஊருக்கு ‘ஸ்பிரிங்டேல்’ என்று மாற்றுப்பெயர், ஆட்களுக்கும் மாற்றுப்பெயர். ஊர்க்காரர்கள் தங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். பின்னர் வந்த சுதந்திர தின ஊர்வலத்தில் முகமூடி அணிந்து, நூலில் தங்களுக்கு வைத்த பொய்ப்பெயர்களோடு வந்தார்கள். கடைசியில் ஒரு எரு இறைக்கும் வண்டி, அதன்மேல் நூலாசிரியரின் உருவபொம்மை.

என் விஷயத்திலும் பழைய வார்டு ஆட்களுக்கு நான் யார் என்று தெரியும், ஆகவே எந்த வார்டு என்றும் தெரியும். ‘ஆசிரியரைப் பற்றி’யில் எதை வெட்டினாலும் இது மாறாது, அட்டையில் என் பெயர் இருக்கும்வரை. இதற்கான மருந்து கடைசிப் பக்கத்தில் இல்லை, முதல் வருடத்தில்தான் இருந்தது. சொந்த வார்டில் ஆய்வு செய்கிறோம் என்று முடிவான அன்றே, ‘உங்கள் பணியிடம் வெளிவராது’ என்று எழுதியிருக்கக்கூடாது. ‘என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எந்த இடம் என்று தெரிந்துவிடும். உங்கள் பேச்சை யார் சொன்னது என்று தெரியாதபடி மாற்ற முயல்வேன், அதற்கும் முழு உத்தரவாதம் இல்லை’ என்று எழுதியிருக்கவேண்டும். சிலர் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள். அது அவர்கள் உரிமை. நூலில் செவிலியர் 11 சொன்னதை அவரிடமே காட்டி, அவர் கேட்டபடி இரண்டு பேர் சொன்னதோடு கலந்து எண் இல்லாமல் எழுதினேன். இப்போது என் மாணவிகளிடம் ஒப்புதல் படிவத்தின் வரைவைக் கேட்கும்போதே, ‘ஆசிரியரைப் பற்றி’யின் வரைவையும் சேர்த்துக் கேட்கிறேன். முதல் வருடத்தில் எதற்கு மேடம் என்பார்கள். எழுதட்டும், பிறகு பேசலாம் என்பேன்.

இனி வாக்கியம். படர்க்கையில் எழுதும்போது நம் மொழியில் ஒரு கூச்சம் வரும். ‘இவர் பணியாற்றினார், இவர் எழுதியுள்ளார்’ என்று நமக்கு நாமே மரியாதை போட்டுக்கொள்கிறோம். ‘பணியாற்றியவர்’, ‘ஆய்வு செய்தவர்’ என்று பெயராக முடித்தால் அந்தக் கூச்சம் பாதி குறையும், ‘இவர் இவர்’ என்று வரிக்கு வரி வருவதும் நிற்கும். அதே போல ‘தற்போது’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். என் ஆய்வேட்டில் ‘தற்போது முழுநேர ஆய்வாளராக உள்ளார்’ என்றிருந்தது, அச்சாகி நான்கு மாதத்தில் பொய்யானது. நூல் பத்து வருடம் கழித்தும் ஒருவர் கையில் இருக்கும், அவருடைய தற்போது வேறு. நடைப்பயிற்சியையும் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஆய்வு எழுதிய ஏழு வருடத்தில் நான் எங்கும் நடந்ததே இல்லை.

224ஆம் பக்கத்தில் கடைசியாக வந்தது இதுதான். பெயருக்கு இங்கே கோடு.

> ____ ஒன்பது ஆண்டுகள் செவிலியராக, பெரும்பாலும் இரவுப்பணியில், வேலை செய்தவர். இந்நூல் பேசும் ஒப்படைப்புப் பேச்சை அந்த ஆண்டுகளில் தினமும் இருமுறை பேசியவர், கேட்டவர், சொல்லாமல் விட்டவரும்கூட. பிறகு அதையே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். நூலில் வரும் செவிலியர்கள் சிலரோடு முன்பு சேர்ந்து பணியாற்றியிருக்கிறார். வாசகர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

‘சொல்லாமல் விட்டவரும்கூட’ என்பதைப் பதிப்பாசிரியர் நீக்கச் சொன்னார். நூலாசிரியர் தன்னைக் குறைத்துக்கொள்வது போலிருக்கிறது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தில் வாசகருக்கு மிகவும் தேவையான இரண்டு சொல் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ‘சிலரோடு சேர்ந்து பணியாற்றியிருக்கிறார்’ என்ற வரியில் நானே இரண்டு நாள் தயங்கினேன். அது உள்ளாளுக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை, வெளியாளுக்கு எந்த இடம் என்று காட்டவும் இல்லை, ஆனால் என் சாய்வு எங்கே இருக்கக்கூடும் என்று சொல்கிறது என்பதால் விட்டுவைத்தேன்.

அச்சுக்குப் போவதற்குமுன் பக்கத்தை அக்காவுக்கு அனுப்பினேன், மற்ற யாருக்கும் முன்னால். அரை மணி நேரத்தில் அழைத்தார்.

“எழுத்து சரிதான். எந்த எடம்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. போட்டோதான் எது இது?”

பதிப்பகம் 300 டிபிஐயில் ஐந்து சென்டிமீட்டர் அகலம் கேட்டிருந்தது, அதாவது குறைந்தது 591 பிக்சல். என்னிடம் அந்த அளவுக்குத் தெளிவாக இருந்த படம் ஒன்றுதான், வேலையை விட்ட அன்று எடுத்தது. தோளுக்குக் கீழே வெட்டித்தான் அனுப்பியிருந்தேன்.

“பெருசு பண்ணிப் பாரு. தோள்ல தொங்குற பட்டை.”

பெரிதாக்கினேன். அடையாள அட்டையை வெட்டியிருந்தேன், அதைத் தாங்கும் நாடாவை வெட்டவில்லை. நீலத் துணியில் மருத்துவமனையின் பெயர் மூன்று முறை அச்சாகியிருந்தது, நடுவில் இருந்தது முழுசாகப் படிக்கக் கிடைத்தது. பதிப்பாசிரியரை அழைத்து, படம் வேண்டாம், அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள் என்றேன்.